முன்பணத்தில் பிடித்த தொகையை மறுத்து வீட்டுக்காரருக்குக் கடிதம்: அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: 1.4.2021 முதல் 31.7.2024 வரை குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். முன்பணம் 60,000. வீட்டுக்காரர் 39,750 பிடித்துக்கொண்டு 20,250 மட்டும் அனுப்பினார். பெயின்ட் 18,000, சுத்தம் செய்ய 4,000, சமையலறைத் தரை 9,600, குளியலறைக் கதவு 5,500, பூட்டு 1,200, மின்கட்டணம் 1,450 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயின்டுக்கும் மின்சாரத்துக்கும் பில் உண்டு, தரைக்கு 24 டைலையும் மாற்றுவதற்கான கொட்டேஷன் மட்டும், மற்றதற்கு ஒன்றும் இல்லை. ஹால் சுவர் ஒன்றில் குழந்தை கிறுக்கியது, ஒரு டைல் உடைந்தது, ஒரு சாவி தொலைந்தது எல்லாம் உண்மை. கதவு நான் வரும்போதே அடியில் ஊறித்தான் இருந்தது. கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் அட்டவணையை முடித்துவிடுங்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் எழுதப்படுகின்றன. இரண்டு பக்கத்துக்கு மனக்குறை, கடைசியில் "எனவே மீதியைத் திருப்பித் தரவும்" என்று ஒரு வரி. அதைப் படிக்கிறவருக்கு எந்தத் தொகையை நீங்கள் மறுக்கிறீர்கள், எதை ஏற்கிறீர்கள் என்பதே தெரியாது. அதனால் அவரும் மொத்தமாக ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு தொகையும் தனி வரியில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். பில் இல்லாத தொகைகள் அங்கேயே தளர்ந்துவிடும்.

அட்டவணையில் அவர் பிடித்தது, நீங்கள் ஒப்புக்கொள்வது, நீங்கள் மறுப்பது என்று மூன்று தொகைப் பத்திகள் வேண்டும். கூடவே ஆதார எண்ணுக்கு ஒரு பத்தி. காரணங்களை அட்டவணைக்குள் திணிக்காதீர்கள். கட்டத்துக்குள் ஐந்து வரி போனால் கணக்கு கண்ணில் படாது. காரணங்கள் அட்டவணைக்குக் கீழே, அதே வரிசை எண்ணில் வரட்டும்.

"ஒப்புக்கொள்வது" என்ற பத்தியை வைக்கப் பலருக்கு மனம் வராது. ஒன்றையும் ஏற்காவிட்டால் பேரம் பேச இடமிருக்கும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. குழந்தை கிறுக்கிய சுவர் அவர் கண் முன்னால் இருக்கிறது. அதையும் மறுத்தால், கதவைப் பற்றி நீங்கள் சொல்கிற உண்மையையும் அவர் நம்பமாட்டார். நாளைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் இந்தக் காகிதத்தைப் படித்தாலும் அவருக்கும் அப்படித்தான் தோன்றும். தர வேண்டியதை முதலிலேயே கணக்குப் போட்டுக் கழித்துக் காட்டுங்கள்.

இனி ஒவ்வொரு தொகையாகப் பார்ப்போம். முதலில் பெயின்ட், ஏனென்றால் பெரிய தொகை அதுதான்.

இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். எந்தப் பகுதி உங்களால் கெட்டது? கெட்ட அன்று அந்தப் பெயின்டுக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் இருந்தது? சுவர் மங்குவதும், சோபா உரசிய தடமும், படம் மாட்டிய ஆணித் துளையும் குடியிருந்தால் வருகிற தேய்மானம். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள். கிரேயான் கிறுக்கல் தேய்மானத்தில் சேராது, அது சேதம். ஆக உங்கள் பொறுப்பு அந்த ஒரு சுவர்.

பில்லில் மொத்தம் 1,800 சதுர அடி, தொகை 18,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 10 ஆகிறது. ஹால் சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 120 சதுர அடி, 1,200. இதோடு கணக்கு முடியவில்லை. நீங்கள் குடிவரும்போது அடித்த பெயின்டுக்கு ஐந்து ஆண்டு ஆயுள் என்று வைத்தால் 60 மாதம். நீங்கள் இருந்தது 40 மாதம். மிச்சம் 20 மாதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 1,200இல் மூன்றில் ஒரு பங்கு 400. அவர் இழந்தது பழைய பெயின்டின் மிச்ச ஆயுள்தான். புதுப் பெயின்டின் முழு விலையையும் உங்களிடம் வாங்கினால், எப்படியும் இரண்டு ஆண்டில் அவர் செய்ய வேண்டியிருந்த செலவை நீங்கள் கட்டியதாக ஆகிவிடும்.

"ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் நிறம் சேராது" என்று பதில் வரும். அது வெறும் சாக்கு இல்லை, பழைய பெயின்டுக்குப் பக்கத்தில் புதுசு எடுப்பாகத்தான் தெரியும். ஆனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடித்தால் வித்தியாசம் மூலையோடு நின்றுவிடும். அதனால்தான் கிறுக்கல் இருந்த நாலு சதுர அடியை மட்டும் கணக்கில் எடுக்காமல் முழுச் சுவரையும் எடுத்தோம். அப்படியும் அவர் ஒத்துவராவிட்டால், ஹாலின் நான்கு சுவரும் அதே அளவு என்று வைத்து 480 சதுர அடிக்கு 4,800, அதில் மூன்றில் ஒரு பங்கு 1,600. நீங்கள் இறங்கிவரக்கூடிய எல்லை அது. கடிதத்தில் அதை எழுத வேண்டாம், மனதில் வைத்திருங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். சில ஒப்பந்தங்களில் "காலி செய்யும்போது பெயின்டுக்காக இவ்வளவு பிடிக்கப்படும்" என்று ஒரு ஷரத்து இருக்கும். இருந்தால் மேலே போட்ட ஆயுள் கணக்கை அப்படியே வைக்க முடியாது. அங்கே எழுதியிருக்கிற தொகையைத்தான் ஒப்புக்கொள்ளும் பத்தியில் போட வேண்டியிருக்கும். அதற்கு மேல் அவர் பிடித்ததை மட்டும் மறுக்கலாம்.

அடுத்தது தரை. ஒரு டைல் உடைந்திருக்கிறது, 24 டைலையும் மாற்ற கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். இங்கே பலர் 9,600ஐ 24ஆல் வகுத்து 400 என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அது அடிபட்டுப்போகும். ஒரே ஒரு டைலுக்காகக் கொத்தனார் வந்து, உடைந்ததைச் செதுக்கி எடுத்து, புதுசைப் பதித்து, இடுக்கை அடைத்துவிட்டுப் போவதற்குக் கூலி அந்த விகிதத்தில் வராது. நீங்களே ஒரு கொத்தனாரிடம் "ஒரு டைல் மாற்ற, பொருளோடு சேர்த்து எவ்வளவு" என்று எழுதி வாங்குங்கள். 900 என்று வந்தால் 900ஐ முழுசாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு டைலை மாற்றுவதால் தரை முழுவதும் புதுசாகிவிடாது, அதனால் பெயின்டில் கழித்தது போல இங்கே தேய்மானம் கழிக்க வேண்டாம். "அதே டைல் இப்போது கிடைக்காது" என்பார். டைல் கிடைக்காமல் போனது அதன் வயதால், உங்களால் இல்லை. வயதான தரை முழுவதையும் புதுசாக்குகிற செலவை ஒரு டைலின் மேல் ஏற்ற முடியாது.

கதவு முழுக்க ஆதாரத்தைப் பொறுத்தது. ஈரத்தில் ஊறிய மரக் கதவு அடியிலிருந்து மேலாகக் கெடும். முதலில் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்புளிக்கும், பிறகு மரம் உப்பும், பிறகு உதிரும். குடிவந்தபோது எடுத்த போட்டோவில் அந்தக் கொப்புளம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. காலி செய்த அன்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடம் என்று தெரியும்படி கீல் அல்லது தாழ்ப்பாள் இரண்டிலும் வருகிற மாதிரியான படங்களைத் தேர்ந்தெடுங்கள். இடையில் "குழாய் கசிகிறது, கதவு நனைகிறது" என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அது போட்டோவைவிடப் பெரிய ஆதாரம். ஏனென்றால் பழுதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று அவரால் சொல்ல முடியாது.

போட்டோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால், எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள் பதிந்திருப்பது அழிந்துவிடும். பெறுகிறவருக்குப் போவது வெறும் நகல். அசல் கோப்பை உங்கள் போனிலிருந்து கணினிக்கோ வேறு சேமிப்புக்கோ மாற்றி வைத்துவிடுங்கள். போன் மாற்றும்போது அழிந்துபோவது பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு முந்தைய இந்தப் படங்கள்தான்.

மின்கட்டணத்துக்கு வாதமே வேண்டாம், கழித்தல் போதும். பில்லில் தொடக்க ரீடிங் 8,412, முடிவு 8,702 என்றால் 290 யூனிட், 1,450. யூனிட்டுக்கு 5 விழுகிறது. நீங்கள் சாவி கொடுத்த அன்று மீட்டரில் 8,612 இருந்தது என்றால் உங்கள் பங்கு 200 யூனிட், 1,000. மீதி 90 யூனிட் பெயின்ட் வேலை நடந்த நாட்களில் ஓடியது. மீட்டர் படத்தில் ரீடிங்கோடு மீட்டரின் எண்ணும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது எந்த வீட்டு மீட்டர் என்று கேள்வி வரும்.

பூட்டை முழுசாக ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவி போடுவது மலிவு என்று வாதாடலாம்தான். ஆனால் தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாதபோது அடுத்துக் குடிவருகிறவருக்காகப் பூட்டை மாற்றுவது நியாயமான செலவு. சுத்தம் செய்த தொகைக்குப் பில்லும் இல்லை, என்ன அழுக்கு என்ற விவரமும் இல்லை. அதோடு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்த பிறகு எப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும். காலி செய்த அன்று எடுத்த படங்கள் இருந்தால் முழுவதையும் மறுக்கலாம்.

அட்டவணை முடிந்ததும் இரண்டு வழியில் கூட்டிப் பாருங்கள். மறுக்கும் பத்தியைக் கூட்டினால் 36,250. முன்பணம் 60,000இல் ஒப்புக்கொண்ட 3,500ஐக் கழித்தால் 56,500, அதில் கைக்கு வந்த 20,250 போனால் அதே 36,250. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. ஒரு கூட்டல் பிழை இருந்தால் போதும், அவர் பதில் முழுக்க அதைப் பற்றித்தான் இருக்கும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

> அனுப்புநர்: (உங்கள் பெயர், இப்போதைய முகவரி)
> பெறுநர்: (வீட்டுக்காரர் பெயர், முகவரி)
> நாள்: 26.8.2024
>
> பொருள்: (வீட்டு முகவரி) முன்பணத்தில் பிடித்த தொகையில் 36,250ஐத் திருப்பித் தரக் கோருதல்
>
> ஐயா,
>
> வணக்கம். மேற்படி வீட்டில் 1.4.2021 முதல் 31.7.2024 வரை 40 மாதங்கள் குடியிருந்தேன். ஒப்பந்தப்படி முன்பணமாக 60,000 கொடுத்திருந்தேன். 19.8.2024 தேதியிட்ட தங்கள் கணக்குத் தாளில் 39,750 பிடித்துக்கொண்டு 20,250 அனுப்பியுள்ளீர்கள். அந்த 20,250ஐ முன்பணத்தின் ஒரு பகுதியாக மட்டுமே பெற்றுக்கொண்டேன், முழுத் தீர்வாக ஏற்கவில்லை.
>
> தாங்கள் பிடித்த தொகைகளில் நான் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் கீழே உள்ளன.

| எண் | பிடித்த காரணம் | பிடித்தது | ஒப்புக்கொள்வது | மறுப்பது | ஆதாரம் |
|---|---|---|---|---|---|
| 1 | வீடு முழுக்கப் பெயின்ட் | 18,000 | 400 | 17,600 | படம் 1, 2. தங்கள் பில் |
| 2 | சுத்தம் செய்தல் | 4,000 | 0 | 4,000 | படம் 3 முதல் 8 |
| 3 | சமையலறைத் தரை | 9,600 | 900 | 8,700 | படம் 9. கொத்தனார் மதிப்பீடு |
| 4 | குளியலறைக் கதவு | 5,500 | 0 | 5,500 | படம் 10, 11. செய்தி, நாள் 12.11.2022 |
| 5 | பூட்டு | 1,200 | 1,200 | 0 | |
| 6 | மின்கட்டணம் | 1,450 | 1,000 | 450 | படம் 12. தங்கள் பில் |
| | மொத்தம் | 39,750 | 3,500 | 36,250 | |

> 1. ஹாலின் ஒரு சுவரில் (120 சதுர அடி) ஏற்பட்ட கிறுக்கலுக்கு நான் பொறுப்பு. தங்கள் பில்லின்படி அதன் செலவு 1,200. பெயின்டின் ஆயுளை 60 மாதம் என்று கொண்டால், 40 மாதம் கழிந்துவிட்டதால் மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கான 400ஐ ஏற்கிறேன். மற்ற சுவர்களில் இருப்பது குடியிருப்பதால் வரும் தேய்மானம்.
>
> 2. வீட்டைச் சுத்தம் செய்தே ஒப்படைத்தேன். இந்தத் தொகைக்கான பில்லும், எந்த இடம் சுத்தமின்றி இருந்தது என்ற விவரமும் தரப்படவில்லை.
>
> 3. ஒரு டைல் உடைந்தது. அதை மாற்றும் பொருளும் கூலியும் சேர்த்து 900. தங்கள் கொட்டேஷன் 24 டைல்களையும் மாற்றுவதற்கானது.
>
> 4. கதவின் கீழ்ப்பகுதி நான் குடிவந்தபோதே ஊறியிருந்தது. குழாய்க் கசிவைப் பற்றி 12.11.2022 அன்று தங்களுக்குத் தெரிவித்தேன்.
>
> 5. ஒப்புக்கொள்கிறேன்.
>
> 6. வீட்டை ஒப்படைத்த அன்று மீட்டர் ரீடிங் 8,612. என் பயன்பாடு 200 யூனிட், 1,000.
>
> எனவே 36,250ஐ 9.9.2024க்குள் முன்பு அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தொகையிலாவது தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு, பில்லின் நகலோடு அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: படங்கள் 1 முதல் 12, 12.11.2022 செய்தி, கொத்தனார் மதிப்பீடு, தங்கள் கணக்குத் தாள், பில்கள்

"விரைவில்" என்று எழுதாமல் தேதியே போட்டிருப்பதைக் கவனியுங்கள். இங்கே 14 நாள் விட்டிருக்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தர உங்கள் ஒப்பந்தமோ உங்களுக்குப் பொருந்தும் சட்டமோ ஒரு கெடு வைத்திருந்தால் அந்தக் கெடுவையே எழுதி, எந்த ஷரத்து, எந்தப் பிரிவு என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நீதிமன்றத்துக்குப் போவேன்" என்ற வரி முதல் கடிதத்தில் வேண்டாம். அந்த வரிக்கு மட்டும் சூடாகப் பதில் எழுதிவிட்டு அட்டவணையைத் தாண்டிப் போய்விடுவார்.

20,250ஐ வாங்கும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று அதில் இருந்தால் நிலைமை சிக்கலாகும், கடிதம் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். வெறும் வங்கிப் பரிமாற்றம்தான் என்றால், கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கிற "ஒரு பகுதியாக மட்டுமே" என்ற சொற்களை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

பெற்றதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்புங்கள். மின்னஞ்சலில் படங்களைத் தனித்தனிக் கோப்பாக இணைத்து, அட்டவணையில் இருக்கிற எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள். கையெழுத்துப் போட்ட கடிதத்தின் ஒரு நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.

அவரிடமிருந்து போன் வரலாம். "ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம், 18,000 அனுப்புகிறேன்" என்பார். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் தர வேண்டியதை ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள், அவரோ ஒரு டைலுக்கு 24 டைல் கணக்கு வைத்திருக்கிறார். அந்த நிலையில் பாதி என்றால், கூட்டிச் சொன்னவருக்குத்தான் லாபம். "எந்த எண்ணில் மாற்றம் வேண்டும் ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். பெயின்டில் ஹால் முழுவதற்கும் கேட்டால் 1,600 வரை போகலாம். சுத்தம் செய்ததற்கு உண்மையான பில் காட்டி, அழுக்கான இடத்தின் படமும் காட்டினால் அந்த அளவுக்கு ஏற்கலாம். பேசியதை அன்றே ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி எண் 1இல் 1,600 ஒப்புக்கொண்டேன், மீதி 35,050."

பதிலே வராமல் 9.9.2024 கடந்துவிட்டால் புதிதாக நீண்ட கடிதம் எழுத வேண்டியதில்லை. பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, தொகையைக் குறிப்பிட்டு, இன்னும் ஏழு நாளில் வராவிட்டால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மன்றத்தில் மனு கொடுப்பதாக மூன்று வரி போதும். அந்த வாக்கியத்துக்கு இடம் இந்த இரண்டாவது கடிதம்தான். மனுவோடு வைக்க வேண்டிய கணக்கு, படங்கள், பில்கள் எல்லாம் முதல் கடிதத்தின் இணைப்பிலேயே வரிசை எண்ணோடு தயாராக இருக்கும். தபால் ரசீதையும் பெற்றதற்கான ஒப்புகையையும் அதன் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.